வெள்ளிக்கிழமை பதினொரு மணி

அந்தப் பதினாலு நாள் சோதனையில் நான் செய்தது திருட்டு வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதி வழியில் எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி.

மகால் பக்கத்தில் அண்ணனுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. கணவர் போனபிறகு நான் அண்ணன் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தவள். சோறு போட்டார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோறு வேறு, மரியாதை வேறு. கடையில் எனக்கென்று மரியாதை வந்தது கைபேசியால்தான். சேலையைப் படம் எடுத்து இன்ஸ்டாவில் போடுவது, பார்த்தவர்கள் வாட்ஸ்அப்பில் விலை கேட்டால் பதில் சொல்வது, பார்சல் அனுப்புவது என்று நானாகவே கற்றுக்கொண்டேன். வெளியூரிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்ததும், "எல்லாம் என் தங்கச்சி வேலை" என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதைக் கேட்க எனக்குத் தேன் குடித்த மாதிரி இருக்கும். பொய் சொல்லவில்லை.

வேலை கூடியபோது உதவிக்கு ஒருத்தியைச் சேர்த்தோம். திருவாதவூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். முப்பது வயது இருக்கும். கணவர் திருப்பூரில் வேலை. மாதம் ஒருதரம் வந்து போவார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தை பள்ளிக்கூடம் விட்டுவந்து பக்கத்து வீட்டில் இருக்கும். இவள் கடையிலிருந்து நாலு மணிக்குக் கிளம்பி, மாட்டுத்தாவணி போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஊர் போய்விடுவாள். சேரும்போது அவள் கேட்டது அது ஒன்றுதான். "நாலு மணிக்கு விட்ருங்கக்கா. மத்தபடி நீங்க எம்புட்டு வேலை குடுத்தாலும் செய்றேன்."

செய்தாள். என்னைவிட நன்றாகவே செய்தாள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் சிறுவியாபாரிகளுக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. நான் போனேன். அங்கே பேசியவர், சாயங்காலம் ஏழு மணிக்குப் போடுங்கள், அப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கும் என்றார். நான் வந்து அண்ணனிடம் அதையே வேதவாக்காகச் சொன்னேன். நாங்கள் அதுவரை காலை பதினொரு மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் பார்சல் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அது ஊருக்கெல்லாம் பொதுவாச் சொல்றதுக்கா. நம்ம சேலையை வாங்குறது வீட்டுல இருக்குற பொம்பளைகளும் டீச்சர்களும். அவுகளுக்கு எது தோதுன்னு நாமளே போட்டுப் பாத்துருவோமே."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அண்ணன் முன்னால் சொன்னாள். "அதானே, பாத்துருவோம்" என்று அண்ணன் வேறு சொன்னார். எனக்கு உள்ளே சுர்ரென்றது.

அவளுக்கு இதில் என்ன போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். பதிவை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடலாம், அதற்கு ஆள் வேண்டாம். ஆனால் போட்ட முதல் ஒன்றரை மணி நேரம்தான் "விலை என்ன", "வேறு கலர் இருக்கா" என்று கேள்வி குவியும். உடனே பதில் போகாவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கடை போனை வெளியே எடுத்துப்போக அண்ணன் விடமாட்டார். சாயங்காலம் என்று ஆனால் அவள் எட்டரை வரை இருக்க வேண்டும்.

அதனால் அவள் சோதனையைப் பார்த்துப் பார்த்துத்தான் அமைத்தாள். ஒரு நாள் காலை பதினொன்று, மறுநாள் சாயங்காலம் ஏழு, இப்படி மாற்றி மாற்றிப் பதினாலு நாள். அதுவரை மட்டும் சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போனில் பதில் சொல்வது என் பொறுப்பு. "ஏன் பதினாலு? பத்து நாள் போதாதா?" என்று அண்ணன் கேட்டார்.

"வாரத்துக்கு ஏழு நாள்ண்ணே, ஒத்தப்படை. இந்தத் திங்கள் காலைல போட்டா அடுத்த திங்கள் தானா சாயங்காலம் வந்துரும். எல்லாக் கிழமைக்கும் காலை ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முக்கியமா வெள்ளிக்கிழமை ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு விழணும்."

வெள்ளிக்கிழமை ஏன் முக்கியம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். சாயம் போடுகிறவர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்துச் சேலைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். புதுச்சரக்கை வெள்ளிக்கிழமைதான் காட்டுவோம். அது தெரிந்து காத்திருக்கிற வாடிக்கையாளர்கள் உண்டு. மற்ற நாளில் பதினைந்து இருபது பேர் விலை கேட்டால், வெள்ளியன்று நாற்பதுக்கு மேல் போகும். எத்தனை மணிக்குப் போட்டாலும் போகும்.

மற்ற நாட்களுக்கான சேலைகளை முதலிலேயே எடுத்துவைத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டாள், நல்ல சேலையெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடக் கூடாதென்று. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண். விலை கேட்கிறவர் அந்தப் படத்தைத்தானே அனுப்புவார், எந்தப் பதிவுக்கு வந்தவர் என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் சொன்னாள். சாயங்காலம் போட்டால் மறுநாள் காலையிலேயே அடுத்த சேலை வந்து அதை மறைக்கும். காலையில் போட்டதுக்கு மறுநாள் சாயங்காலம் வரை போட்டியே இல்லை. அதனால் இரண்டுக்கும் போட்டதிலிருந்து பதினைந்து மணி நேரம் மட்டும் எண்ணுவோம் என்றாள். எனக்கு அது தோன்றியிருக்காது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் தீர்ப்பு எப்படி என்பதையும் ஆரம்பிக்கும் முன்னாலேயே பேசி வைத்தோம். மொத்தக் கூட்டலைப் பார்ப்பதில்லை. திங்களுக்குத் திங்கள், செவ்வாய்க்குச் செவ்வாய் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஏழு கிழமையில் ஆறிலாவது சாயங்காலம் ஜெயித்தால் மாற்றுவோம். "நாலுக்கு மூணுன்னு வந்தா அது சும்மா காசைச் சுண்டிவிட்டாக்கூட வரும்க்கா. அப்படி வந்தா காலையிலயே இருக்கட்டும், என்ன?" என்று கேட்டாள். அண்ணன் சரி என்றார். நானும் சரி என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

முதல் திங்கள் காலையில் ஆரம்பித்தோம். அந்தக் கணக்கில் முதல் வெள்ளி காலையில் வந்தது. அன்றும் மறுநாளும் அவள் லீவு. நாத்தனார் வீட்டில் ஒரு விசேஷம். நான் புதுச்சரக்கைப் படம் எடுத்து, பதினொரு மணிக்குப் போடத் தயாராக வைத்திருந்தேன். அண்ணன் நாள்காட்டியைப் பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை பத்தரையிலருந்து பன்னெண்டு ராகுகாலம்! புதுச்சரக்கைப் போய் ராகுகாலத்துல காட்டுவியா?"

இத்தனை யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. வெள்ளியில் மட்டும் எப்போதும் பத்து மணிக்கே அண்ணன் வற்புறுத்திப் போடவைப்பார். பழகிப்போனதால் தாளில் எழுதும்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பத்து மணி தாண்டிவிட்டது. சரி, பன்னிரண்டு அடித்ததும் போட்டிருக்கலாம். அதுவும் காலைதானே, ஒரு மணி நேரம் தள்ளி. அப்படி எழுதி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

நான் சாயங்காலம் ஏழுக்குத் தள்ளினேன். சனிக்கிழமை சாயங்காலம் போட வேண்டியதைக் காலைக்கு மாற்றினேன். இரண்டும் ஏழுக்கு ஏழு என்று சமமாகிவிட்டது, தாள் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அடுத்த வெள்ளி எப்படியும் சாயங்காலம்தான் வரும். ஆக இரண்டு வெள்ளியும் சாயங்காலத்துக்கு. இது எனக்குத் தெரியாமல் நடந்ததா என்று கேட்டால், இல்லை. தெரிந்துதான் செய்தேன். சனிக்கிழமைக் கட்டத்தை அழித்து எழுதும்போது கை ஒரு நொடி நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு எழுதினேன்.

திங்கட்கிழமை வந்தவள் தாளைப் பார்த்தாள்.

"அக்கா, வெள்ளி ரெண்டும் ஒரே பக்கம் போயிருதே. அந்தக் கிழமையையும் சனியையும் கணக்குல விட்ருவோமா? இல்லாட்டி இன்னொரு ரெண்டு வாரம் சேத்துப் பாப்போம். வெள்ளிக்கு மட்டும் பத்து மணின்னு வச்சுக்கிட்டாப் போச்சு."

"ஏழுக்கு ஏழு சரியாத்தானே இருக்கு? நீ என்ன எனக்குப் பாடம் எடுக்குறியா? உன் பஸ்ஸுக்குத் தகுந்த மாதிரி கடை நடத்த முடியுமா?"

கடைப்பையன்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. "இல்லக்கா, நான் அப்படிச் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் பார்சல் கட்டப் போனாள். பஸ்ஸைச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கேவலம். அவள் ஒருநாளும் பஸ்ஸைக் காரணம் காட்டியதில்லை. என் திருட்டை மூட அவள் கஷ்டத்தை எடுத்து அவள் மேலேயே எறிந்தேன்.

பதினாலாம் நாள் முடிந்தது. மறுநாள் அண்ணன் கல்லாவில் இருந்தபடியே, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அவள் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள், தாளைக் கையில் வைத்துக்கொண்டு. கிழமைக்குக் கிழமை கோடு போட்டுப் பிரித்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். ஆனால் அவள் இருக்கும்போது கடைக் காரியத்தைத் தமிழில்தான் பேசுவோம். அவளுக்கும் சேர்ந்த பேச்சுத்தானே. அன்றைக்கு நான் சௌராஷ்டிரத்தில் சொன்னேன். சாயங்காலத்துக்கு ஐம்பதுக்கு மேல் அதிகம் வந்திருக்கிறது, சந்தேகமே இல்லை என்று. ஐம்பதுக்கு மேல் என்பது பொய்யில்லை. அது அத்தனையும் இரண்டு வெள்ளிக்கிழமை கொண்டுவந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அண்ணன் கூட்டலைக் கேட்டார், தலையாட்டினார். ஆறு கிழமை என்று பேசி வைத்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அவள் என் வாயையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் பாஷையில் எண் மட்டும் அவளுக்குப் புரியும்போல. "அண்ணே, கிழமைவாரியா…" என்று ஆரம்பித்தாள்.

"முடிவாயிருச்சும்மா. நாளையிலருந்து ஏழு மணி" என்றேன் நான், நல்ல தமிழில்.

அவள் அந்தத் தாளை நாலாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனாள். வேலையை விடவில்லை. விட முடியாது. ஒரு வாரம் எட்டரை வரை இருந்து, ஓடி ஓடிப் பஸ் பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எத்தனை நாள் பார்ப்பார்கள்? அந்த மாதமே பிள்ளையைச் சிவகங்கைப் பக்கம் தன் அம்மா வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை போயி பாத்துட்டு வாரேன்க்கா" என்று சொன்னபோது, "நல்லதுதான், பிள்ளை அங்கே நல்லாப் படிக்கும்" என்று நான் ஆறுதல் வேறு சொன்னேன். அடிப் பாவி, அந்த வாயை என்ன செய்யலாம்!

மூன்று மாதம் கழித்து ஒருநாள், காளவாசலில் ஒரு பெரிய பாத்திரக் கடையில் சேரப்போவதாகச் சொன்னாள். ராத்திரி ஒன்பது வரை வேலை, சம்பளம் கூட. "அங்க இன்னும் லேட்டாகுமே?" என்று கேட்டேன்.

"ஆகட்டும்க்கா. பிள்ளை இல்லாத வீட்டுக்குச் சீக்கிரம் போயி என்ன செய்யப்போறேன்?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது எப்போது தெரியுமா? அவள் போனபிறகு ஏழு மணி வேலை என் தலையில் விழுந்தபோது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும். தினமும் கடையில் உட்கார்ந்து எட்டரை வரை விலை சொல்லிச் சொல்லி, மாடியேறினால் இடுப்பு ஒடிந்துவிடும். பத்து நாள் தாங்கவில்லை. காலைக்கே மாற்றினால் நட்டம் வருமா என்று பார்க்க ஆசை வந்தது. ஆமாம், அவளுக்காகப் பார்க்கவில்லை, என் இடுப்புக்காகத்தான் பார்த்தேன். இழுப்பறையைத் திறந்தேன். நாலாக மடித்த தாள் அப்படியே இருந்தது.

வெள்ளியையும் சனியையும் கையால் மூடிக்கொண்டு மற்ற ஐந்து கிழமையைப் பார்த்தேன். திங்களும் புதனும் சாயங்காலத்துக்கு. செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைக்கு. அதிலும் வித்தியாசம் இரண்டு பேர், மூன்று பேர். எது நல்லது என்று அந்தத் தாளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சாயங்காலம் உண்மையிலேயே கொஞ்சம் நன்றாகக்கூட இருந்திருக்கலாம், தெரியாது. தெரியாவிட்டால் காலையிலேயே இருக்கட்டும் என்றுதான் பேச்சு. அவளுக்கு நாலு மணி பஸ் என்றுதான் பேச்சு. தாளின் ஓரத்தில் பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தாள்: "சமம்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதைப் பார்க்க. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அந்தச் சோற்றைத் தானே அள்ளித் தின்னுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய் அண்ணனிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "அண்ணே, இப்ப ஜனங்க பழக்கம் மாறிருச்சு, காலைலயே போட்ருவோம்" என்று சொன்னேன். அவர் சரியம்மா, உனக்குத் தெரியாததா என்றார். அந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை பாடுபட்டிருக்கிறேன். அன்றைக்கு அது காதில் விழுந்தபோது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

காலைக்கு மாறி இரண்டு மாதம் ஆகியும் விசாரிப்பு குறையவில்லை. கூடவும் இல்லை.

அதன்பிறகுதான் காளவாசல் போனேன். பாத்திரக் கடையில் குக்கர் வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், கடைச் சீருடையில். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கக்கா! குக்கர் பாக்க வந்தீங்களா?" என்றாள். அவள் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் அங்கேயே, ஆட்கள் வந்து போகிற இடத்திலேயே சொன்னேன். வெள்ளியை வேண்டுமென்றே தள்ளியதை, அண்ணனிடம் சௌராஷ்டிரத்தில் சொன்னது என்ன என்பதை, தாளைத் திறந்து பார்த்ததை. அவள் ஒரு துணியால் மூடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் மூடியைத் திருப்பி மறுபக்கம் துடைத்தாள்.

"இப்ப எத்தன மணிக்குக்கா போடுறீங்க?"

"காலைல பதினொண்ணு."

"வெள்ளிக்கிழமை?"

"பத்து மணி."

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானாக்கா?"

"நீ திரும்பி வந்துரும்மா. நாலு மணிக்கு நானே உன்னை பஸ் ஏத்தி விடுறேன். அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"பிள்ளை அங்க பழகிருச்சுக்கா. போன வாரம் போனப்ப, நான் கிளம்புறப்ப அழுகவே இல்ல. வெளையாடிக்கிட்டே டாட்டா காட்டுது." மூடியைக் குக்கரில் வைத்துத் திருப்பி மூடினாள். "முந்தியெல்லாம் அழும்."

அதற்குள் யாரோ ஒரு அம்மா, மூன்று லிட்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவள் என்னிடம், "செத்த இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் இருந்தேன். அவள் திரும்பி வர நேரமானது, அடுத்தடுத்து ஆட்கள். ஒரு குக்கரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைக்கு வந்ததும் அண்ணனிடம் தாளை விரித்துவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், சௌராஷ்டிரத்தில் இல்லை, தமிழில். கடைப்பையன்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தாளில் ஒவ்வொரு கிழமையாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேரும்மா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் பிள்ளை, பிள்ளை என்றுதான் சொல்லுவாள். நான் ஒருநாளும் கேட்டதில்லை.